பன்னிரண்டு பத்துக்குப் படுக்க வையுங்கள்

என் பையனுக்கு ஆறு வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு கொஞ்சம்தான். ‘தண்ணி’, ‘வேணாம்’, ‘ஃபேன்’ என்று ஒரு இருபது சொற்கள் இருக்கும். அவன் பேச்சைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ இங்கே எழுதப் போவதில்லை. இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறரை வரை எங்கள் வீட்டில் என்ன நடந்தது, அதை எப்படி ஓரளவுக்குச் சரி செய்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

திருச்சியில் ஒரு கூடம், ஒரு உள் அறை, சமையலறை உள்ள வாடகை வீடு. நான், கணவர், அத்தை, எட்டாவது படிக்கும் பெண், அப்புறம் இவன். கணவர் கடையை மூடிவிட்டு வர இரவு பத்தேகால் ஆகிவிடும். நானும் பையனும் கூடத்தில் பாய் விரித்துக் கொசுவலைக்குள் படுப்போம்.

நாலு வயது வரை தூளியில்தான் தூங்கினான். ஆட்டம் நின்றால் கண் திறப்பான். ஒரு கையால் கயிற்றை இழுத்துக்கொண்டே நான் தூங்கிப் போய், அவன் சிணுங்கியதும் தூக்கத்திலேயே இழுத்த இரவுகள் ஏராளம். தூளி தாங்காத அளவுக்கு வளர்ந்த பிறகு பாய்க்கு வந்தோம். அன்றிலிருந்து தொடங்கியது நிஜமான கஷ்டம். ஒன்பது மணிக்குப் படுக்க வைப்பேன். எழுந்து ஓடுவான். பிடித்து வந்து படுக்க வைப்பேன். சிரிப்பான், குதிப்பான், சுவரில் தலையைத் தேய்ப்பான், அழுவான். தூங்கும்போது பதினொன்றரை, பன்னிரண்டு. இரண்டரை மணிக்கு மறுபடி எழுந்து ஒரு மணி நேரம் விளையாடுவான். காலையில் எழுப்பினால் பிணம் மாதிரி கிடப்பான்.

முதலில் பார்த்த டாக்டர் ‘வளர வளர சரியாகிடும்’ என்றார். உறவுக்காரர் ஒருவர் சளி மருந்து கொடுத்தால் தூங்கிவிடுவான் என்று சொல்ல, ஒருநாள் ஆற்றாமையில் கொடுத்தும் பார்த்தேன். அன்று ராத்திரி அவன் ஆடிய ஆட்டத்தை எதிர்வீட்டுக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். சில குழந்தைகளுக்கு அந்த மருந்து தூக்கத்துக்குப் பதில் துறுதுறுப்பைத்தான் தரும் என்று பிறகு தெரிந்தது. டாக்டர் சொல்லாமல் தூக்கத்துக்காக அதைக் கொடுக்கவே கூடாது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தூக்கப் பிரச்சினை உண்டு. ஐம்பதிலிருந்து எண்பது சதவீதம் வரை சொல்கிறார்கள். அதனால் டாக்டர்கள் சிலர் இதைத் தனிப் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்வதில்லை. ‘ஆட்டிசத்தோட வர்றதுதான்’ என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதாகப் பார்த்த குழந்தை வளர்ச்சி மருத்துவர் அப்படி விடவில்லை. மருந்துச் சீட்டை எடுக்கும் முன் கேள்வியாகக் கேட்டார். குறட்டை விடுகிறானா? வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா? மலச்சிக்கல் உண்டா? சாப்பிட்டதும் எதுக்களிக்கிறதா? தூக்கத்தில் உடம்பு விறைப்பது, வெட்டி வெட்டி இழுப்பது மாதிரி எதையாவது பார்த்ததுண்டா? கால்களை உதைக்கிறானா?

கடைசிக் கேள்விக்கு நான் சிரித்துவிட்டேன். என் தொடையில் நீலம் பாரித்த இடங்களைக் காட்டியிருக்கலாம். படுத்த பிறகு சைக்கிள் மிதிப்பது மாதிரி காலை உதைத்துக்கொண்டே இருப்பான். பாயில் தேய்ப்பான். நான் அமுக்கிப் பிடித்தால் கொஞ்சம் அடங்கும். ‘என்ன சாப்பிடுகிறான்?’ என்றார். தயிர் சாதம், இட்லி, அப்பளம், பால். வெள்ளையாக இல்லாத எதையும் தட்டிலிருந்து தள்ளிவிடுவான். ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையை எழுதித் தந்தார். உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்புச்சத்தை அது காட்டும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இந்தச் சேமிப்பு காலியாகிவிடலாம். இவனுக்கு 11 வந்தது. பரிசோதனைச் சாலையின் தாளில் அதை ‘நார்மல்’ என்றுதான் அச்சடித்திருந்தார்கள். ஆனால் இப்படிக் கால் உதைக்கும் குழந்தைகளுக்கு அது 50க்கு மேல் இருக்க வேண்டும் என்று பார்ப்பார்களாம். இரும்புச்சத்து டானிக் ஆரம்பித்தோம். பாலோடு கொடுத்தால் உடம்பில் ஒட்டாது. அதனால் மாலையில் பால் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து, சாத்துக்குடிச் சாறில் கலந்து, சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாக விட்டோம். மலம் கறுத்து இறுகும், அதற்கும் தயாராக இருங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். மூன்று மாதத்தில் உதைப்பது பாதியாகக் குறைந்தது. ஆனால் பரிசோதிக்காமல் கடையில் வாங்கி ஊற்றுகிற சமாச்சாரம் இல்லை இது. இரும்பு அதிகமானால் விஷம்.

கால் அடங்கினாலும் பன்னிரண்டு மணி பன்னிரண்டு மணியாகவே இருந்தது. அப்போதுதான் தெரபிஸ்ட் மேடம் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம், நோட்டில் எழுதுங்கள், அவ்வளவுதான். படுக்க வைத்த நேரம், உண்மையில் தூங்கிய நேரம், நடுவில் விழித்தது, காலையில் எழுந்தது, பகலில் கண்ணயர்ந்தது என்று ஐந்து கட்டம். தூங்கிய நேரத்தை மட்டும் இங்கே தருகிறேன். திங்கள் 11:40, செவ்வாய் 11:10, புதன் 12:05, வியாழன் 11:25, வெள்ளி 11:50, சனி 12:20, ஞாயிறு 11:00. என் பெண்தான் கூட்டி வகுத்தாள். சராசரி 11:39. படுக்க வைத்த நேரம் ஏழு நாளும் ஒன்பது.

மேடம் நோட்டைப் பார்த்துவிட்டு, ‘தினம் ரெண்டே முக்கால் மணி நேரம் சண்டை போடறீங்கம்மா’ என்றார். பிறகு சொன்னதைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. 11:40உடன் அரை மணி கூட்டுங்கள். இனிமேல் அவனை 12:10க்குப் படுக்க வையுங்கள்.

சீக்கிரம் தூங்க வேண்டும் என்றால் சீக்கிரம் படுக்க வைக்க வேண்டும் என்பது எவ்வளவு நியாயமாகத் தோன்றுகிறது! பதினொன்றரைக்குத் தூங்குகிறவனை ஒன்பதுக்குப் படுக்க வைத்தோம். அதுவும் பலிக்காதபோது எட்டரைக்கு வைத்தோம். ஆனால் ஒருவர் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய ஓரிரு மணி நேரம்தான், நாள் முழுவதிலும் தூக்கம் வருவதற்கு மிகக் கடினமான நேரமாம். இஸ்ரேல் ஆய்வாளர் பெரெட்ஸ் லாவி 1986இல் இதை ஆராய்ந்து ‘தடை செய்யப்பட்ட பகுதி’ என்றே பெயர் வைத்தார். பகல் முழுக்கச் சேர்ந்த களைப்பை எதிர்த்து உடம்பின் கடிகாரம் கடைசியாக ஒரு தள்ளு தள்ளுகிற நேரம் அது. ஒன்பதரைக்கு என் பையன் சிரித்துக் குதித்தது குறும்பால் அல்ல. அவன் கடிகாரத்தில் அது மாலை ஏழு மணி. இன்னொரு விஷயமும் இருக்கிறது. தினமும் இரண்டே முக்கால் மணி நேரம் அந்தப் பாயில் சண்டை நடந்தால், பாயைப் பார்த்தாலே உடம்பு சண்டைக்குத் தயாராகிவிடும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் இடத்தோடு ஒரு பழக்கத்தை முடிச்சுப் போட்டுவிட்டால் லேசில் அவிழ்க்க மாட்டார்கள். ஆகவே பாயில் கால் வைத்ததும் தூக்கம் வர வேண்டும், அது எந்த நேரமாக இருந்தாலும் பரவாயில்லை. முதலில் அந்த முடிச்சு விழட்டும், நேரத்தைப் பிறகு நகர்த்தலாம். அமெரிக்காவில் கேத்லீன் பியாட்சா, வெய்ன் ஃபிஷர் இருவரும் 1991இல் எழுதிய முறை இது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளிடம் அப்போதிலிருந்து பயன்பட்டு வருகிறது.

விதிகள் குறைவு. காலை எழுப்பும் நேரம் மாறவே கூடாது. எங்களுக்கு ஆறரை, ஞாயிற்றுக்கிழமையும் ஆறரை. படுத்து இருபது நிமிடத்துக்குள் தூங்கினால் அந்த இரவு ஜெயம். இரண்டு இரவு தொடர்ந்து ஜெயித்தால் மூன்றாம் இரவு கால் மணி முன்னால் படுக்க வைக்கலாம். இருபது நிமிடத்தில் தூங்காவிட்டால் பாயை விட்டு எழுப்பிவிட வேண்டும். அரை மணி நேரம் மங்கலான வெளிச்சத்தில், உற்சாகம் தராத ஏதோ ஒரு வேலை. எங்களுக்கு அது துணி கிளிப்புகளை வாளியில் போட்டு எடுப்பது. பிறகு மறுபடி பாய். மறுநாள் கால் மணி பின்னால் போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, இதை நடுவில் ஒளித்துவைக்க விரும்பவில்லை. வலிப்பு உள்ள குழந்தைக்கு இந்த முறையை நீங்களாகத் தொடங்காதீர்கள். தூக்கம் குறைந்தால் வலிப்பு வரலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வலிப்பு மற்ற குழந்தைகளைவிட அதிகமாகவே வருகிறது. அதனால்தான் டாக்டர் அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டார். குறட்டை விடும் குழந்தைக்கும் முதலில் மூக்கு, தொண்டையைப் பார்த்துவிட வேண்டும். மூச்சு அடைத்து விழிக்கிற பிள்ளைக்கு நேரத்தை மாற்றி என்ன பயன்?

அத்தையிடம் சொன்னபோது, ‘பச்சப் புள்ளைய பேய் நடமாடுற நேரம் வரைக்கும் முழிக்க வைப்பீங்களாம்மா?’ என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. கணவர்தான், ‘இப்பவும் அந்நேரம் வரைக்கும் முழிச்சுத்தானேம்மா இருக்கான்? அழாம முழிச்சிருக்கட்டுமே’ என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பன்னிரண்டு பத்து வரை விழிக்க வைப்பதுதான் பெரும்பாடு. நான் ஒருத்தியே அதைச் செய்திருந்தால் மூன்றாம் நாள் விட்டிருப்பேன். அவர் பத்தேகாலுக்கு வந்து சாப்பிட்டதும் பையனைக் கையில் எடுத்துக்கொள்வார். நான் உள் அறையில் பெண்ணோடு படுத்துக் கதவைச் சாத்திக்கொள்வேன். இரண்டரை மணி விழிப்பு என்னுடையது. இருவரும் சேர்ந்து எழுவதில்லை என்று முடிவு செய்தோம். முன்பெல்லாம் ஒருவர் எழுந்தால் மற்றவரும் குற்ற உணர்ச்சியில் எழுந்து உட்கார்ந்திருப்போம். இருவரும் கெட்டதுதான் மிச்சம். இப்படிப் பிரித்த முதல் வாரத்திலேயே எனக்கு ஒரே மூச்சாக நாலு மணி நேரத் தூக்கம் கிடைத்தது. ஆறு வருடத்தில் முதல் தடவை.

முதல் இரவு 12:10க்குப் பாயில் படுத்தான். 12:18க்குத் தூங்கியிருந்தான். அவர் உள்ளே வந்து என்னை எழுப்பிச் சொன்னார். நம்பாமல் போய்ப் பார்த்தேன். இரண்டாம் இரவு பன்னிரண்டு நிமிடம். மூன்றாம் இரவிலிருந்து 11:55. பகலில் எரிச்சல் அதிகம்தான். பள்ளியில் முன்பே சொல்லிவைத்திருந்தோம். ஐந்தாம் நாள் விருந்தாளிகள் வந்து கூச்சல், 11:40க்குப் படுத்தவன் இருபது நிமிடத்தில் தூங்கவில்லை. விதிப்படி எழுப்பி, கிளிப் வாளி, அரை மணி, மறுபடி பாய். மறுநாள் 11:55க்குத் திரும்பினோம். பின்னால் போவது தோல்வி மாதிரித் தோன்றும். அப்படி இல்லை, கணக்கில் ஒரு படி, அவ்வளவே.

நாலாவது வாரத்தில் 10:55இல் மாட்டிக்கொண்டோம். ஒன்பது நாள் நகரவேயில்லை. 10:40க்கு வைத்தால் பதினொன்றரை ஆகிவிடும். நோட்டில் ‘பகலில் கண்ணயர்ந்தது’ என்ற கட்டத்தில் தினமும் ‘இல்லை’ என்றுதான் எழுதிவந்தேன். ஒருநாள் பள்ளி வேன் வந்து நின்றபோது ஓட்டுநர் அண்ணன், ‘அக்கா, தம்பி தூங்குது, தூக்கிட்டுப் போங்க’ என்றார். எத்தனை நாளாக? ‘தினம்தான்க்கா. ஏறி உட்கார்ந்தா ரெண்டாவது ஸ்டாப்ல சாஞ்சிருவான். இங்க வந்து நானே தட்டி எழுப்பித்தான் இறக்கி விடுவேன். இன்னிக்கு எழுந்திரிக்கவே இல்ல.’ மூன்றரையிலிருந்து நாலு பத்து வரை நாற்பது நிமிடம். மாலை நாலு மணிக்குத் தூங்கும் நாற்பது நிமிடம் பசிக்கு முன் தின்ற முறுக்கு மாதிரி. ராத்திரிச் சாப்பாடு இறங்காது. அதுவும் ராத்திரித் தூக்கத்தை நாம் குறைத்துவிட்டபோது வேன் ஆட்டத்தில் எந்தக் குழந்தைக்கும் கண் சொக்கும். தூளியில் வளர்ந்தவனுக்குக் கேட்கவே வேண்டாம்.

வேனில் தூங்கவிடாமல் என்ன செய்வது? அண்ணனிடம் கேட்டு முன்வரிசை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினோம். காற்று முகத்தில் அடிக்கும். பையின் வெளிப்பையில் மொறுமொறுவென்று அப்பளத் துண்டுகள். ஆயா அக்கா ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்று தருவார். மெல்லுகிற வாய் தூங்காது. நாலாம் நாளிலிருந்து விழித்துக்கொண்டே வந்து இறங்கினான். அந்த வாரமே 10:40. அப்புறம் 10:25, 10:10. ஏழாவது வாரக் கடைசியில் 9:40. அதற்கு மேல் 9:25க்கு இரண்டு முறை முயன்றோம். இரண்டு தடவையும் பத்து வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஆறு வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எங்களுடையது எட்டரை. பகலில் சோர்வில்லாமல் இருக்கிறானா என்பதைப் பார்த்து, டாக்டர் அதோடு விடச் சொன்னார்.

நேரம் நகர்ந்துகொண்டிருந்தபோதே படுக்கைக்கு முந்தைய முக்கால் மணி நேரத்தையும் ஒழுங்கு செய்தோம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் படத்தால் காட்டும் அட்டை என்றால் ஏதோ வாங்க வேண்டிய பொருள் என்று நினைத்திருந்தேன். அவனுடைய சொந்தப் பொருள்களைப் போனில் படம் பிடித்து, முனைக் கடையில் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, பின்னால் வெல்க்ரோ ஒட்டினேன். ஐந்து அட்டைகள். எங்கள் கழிவறையின் கதவு, பச்சைச் சட்டை, தண்ணீர்க் குவளை, கொசுவலை, ஜீரோ வாட் பல்பு. ஒன்றை முடித்ததும் அவனே பிய்த்துக் கீழே உள்ள டப்பாவில் போடுவான். டப்பாவில் விழும் ‘டக்’ சத்தம் அவனுக்குப் பிடிக்கும். அதற்காகவே அடுத்ததைச் செய்வான்.

முதலில் ஏழு அட்டைகள் வைத்திருந்தேன். பல் தேய்ப்பதும் குளிப்பதும் இருந்தன. இரண்டும் எல்லாவற்றையும் கெடுத்தன. பற்பசையின் காரம் அவனுக்கு ஒரு யுத்தம். அதை ஜெயித்த கையோடு படுக்க முடியாது. சாப்பிட்டதும் எட்டு மணிக்கே அதை முடித்துவிட்டோம். வெந்நீர்க் குளியல் தூக்கம் வரவழைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பல குழந்தைகளுக்கு உண்மைதான். இவனுக்குத் தண்ணீர் என்றால் திருவிழா. வாளியை விட்டு வந்த பிறகு ஒரு மணி நேரம் அடங்க மாட்டான். ஆகவே குளியல் மாலை ஏழுக்குப் போனது. கிளர்ச்சி தருவது முன்னால், அலுப்பு தருவது பின்னால். வரிசையைப் போடும்போது நான் பார்ப்பது இதை ஒன்றைத்தான். உங்கள் குழந்தைக்கு எது கிளர்ச்சி என்பதை வேறு யாரும் சொல்ல முடியாது.

கடைசி அட்டையில் தூங்கும் குழந்தையின் படம் போட்டிருந்தேன். மேடம் எடுக்கச் சொன்னார். ‘தூங்குன்னா அவன் என்னம்மா செய்வான்? நீங்க என்ன செய்வீங்க?’ யோசித்தால் சரிதான். தூக்கம் நாம் செய்யும் காரியமில்லை. பல்பைப் போடுவது, படுப்பது, அதுவரைதான் நம் கையில். அன்றிலிருந்து வீட்டில் ‘தூங்கு, தூங்கு’ என்ற சொல்லையே விட்டுவிட்டோம்.

வெளிச்சம் அடுத்தது. மெலட்டோனின் என்ற சுரப்பு இருட்டியதும் மூளையில் ஊறி, உடம்புக்கு ‘ராத்திரி ஆயிற்று’ என்று சொல்கிறது. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் அந்தச் சுரப்பு குறைவாகவோ நேரம் தப்பியோ இருக்கிறது. கூடத்தில் டியூப் லைட்டும் டிவியும் எரிந்தால் இருக்கிறதும் தள்ளிப்போகும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் டியூப் லைட்டை அணைத்து ஜீரோ வாட் பல்பு. பெண் உள் அறையில் மேஜை விளக்கில் படிப்பாள். அத்தையின் ஒன்பது மணி சீரியல்தான் சிக்கல். ‘அத விட்டா எனக்கு வேற என்னம்மா பொழுதுபோக்கு?’ என்றார். நியாயமான கேள்வி. மறுநாள் மதியம் மறு ஒளிபரப்பு இருப்பதைப் பெண் கண்டுபிடித்தாள். இப்போது அத்தை ஒருநாள் பின்தங்கிய கதையில் வாழ்கிறார். அக்கம்பக்கத்தில் யாராவது கதையை முன்கூட்டிச் சொல்லிவிட்டால்தான் கோபம்.

மெலட்டோனின் மாத்திரை பற்றிக் கேட்பீர்கள். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வரிசையில்தான் சொல்கிறது. முதலில் உடல்நலக் காரணங்களைப் பாருங்கள், அடுத்து பழக்கவழக்கம், அதுவும் போதாவிட்டால் மெலட்டோனின். 1 முதல் 3 மில்லிகிராமில் தொடங்கி, படுக்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன் கொடுப்பார்கள். அது தூக்க மாத்திரை இல்லை. படுத்ததிலிருந்து தூங்கும் வரையிலான நேரத்தைக் குறைக்கும். நடுராத்திரி விழிப்புக்குச் சாதாரண மாத்திரை பெரிதாக உதவாது. கொடுத்துவிட்டு டியூப் லைட்டின் கீழ் உட்கார வைத்தால் அதுவும் வீண். எங்கள் டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு இப்போதைக்கு வேண்டாம் என்றார். தேவைப்பட்டவர்கள் டாக்டர் சொல்படி கொடுப்பதில் எந்தத் தப்பும் இல்லை. எடைப் போர்வை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 2014இல் வெளியான ஆய்வில் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது, ஆனால் கருவியால் அளந்த தூக்கம் கூடவில்லை. திருச்சி மே மாதத்தில் அதைப் போர்த்தச் சொல்கிறவரை முதலில் போர்த்திக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

இனி இரண்டரை மணி. எல்லோருமே இரவில் ஒவ்வொரு சுற்றுத் தூக்கத்தின் முடிவிலும் லேசாக விழிக்கிறோம். தலையணை இருக்கிறதா, ஃபேன் ஓடுகிறதா, சரி என்று திரும்பிப் படுத்து மறந்துவிடுகிறோம். தூங்கப் போகும்போது இருந்தது ஏதாவது குறைந்தால்தான் முழுதாக விழிக்கிறோம். நான் படுக்க வைக்கும்போது என் பையன் என் வலது காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே. அவன் கண்ணயர்ந்ததும் நான் மெல்ல விலகிப் பாத்திரம் கழுவப் போவேன். இரண்டரைக்குக் காது இல்லை. தூளி ஆட்டம் நின்ற அதே கதைதான்.

இங்கிலீஷ் புத்தகங்கள் குழந்தையைத் தனி அறையில் படுக்க வையுங்கள் என்று எழுதும். எங்களிடம் தனி அறையும் இல்லை, தனியாகப் படுக்க வைக்கும் எண்ணமும் இல்லை. மேடம் அதைச் சொல்லவும் இல்லை. பக்கத்தில் படுங்கள், ஆனால் தூங்கும்போது அவன் கையில் என்ன இருக்கிறதோ அது இரண்டரைக்கும் அவன் கையில் இருக்க வேண்டும் என்றார். காதைக் கழற்றி வைக்க முடியாது. என் பழைய நூல் புடவை ஒன்றின் முந்தானையை ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்து, ஓரத்தை உருட்டி மடல் மாதிரித் தைத்தேன். ஒரு வாரம் என் காதோடு சேர்த்து அதையும் அவன் விரலுக்கு நடுவில் வைத்தேன். அடுத்த வாரம் நான் எழுந்து உட்கார்ந்துகொண்டேன். கை நீட்டினால் காது எட்டாது, புடவை எட்டும். இரண்டு நாள் கத்தினான். முதலில் இருந்ததைவிடப் பலமாகவே. பழக்கம் விட்டுப்போகும் முன் ஒருமுறை இப்படி உச்சத்துக்குப் போகும் என்று சொல்லியிருந்ததால் தாக்குப் பிடித்தோம். அந்த இரண்டாம் நாள் காதைக் கொடுத்திருந்தால், ‘பலமாகக் கத்தினால் காது வரும்’ என்று அவன் கற்றிருப்பான். பிறகு ஒரு முழம் தள்ளிப் பாய் போட்டேன். அதே மாதிரி நாலு துண்டுகள் தைத்து வைத்திருக்கிறேன். ஒன்று துவைக்க, ஒன்று தொலைக்க.

விழிப்பு முழுதாக நிற்கவில்லை. வாரத்தில் ஏழு இரவு என்பது இரண்டாகியிருக்கிறது. விழித்தால் விளக்குப் போடுவதில்லை, பேசுவதில்லை, போன் இல்லை, பால் இல்லை. துணியைக் கையில் வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்வேன். கரண்ட் போய் ஃபேன் சத்தம் நின்றாலும் விழிப்பான், அதற்கு ஒரு சார்ஜ் ஃபேன் வாங்கினோம். மார்கழியில் தெருக்கோடி ஒலிபெருக்கி நாலரைக்குப் பாட ஆரம்பிக்கும்போது மட்டும் எந்த வித்தையும் பலிப்பதில்லை. அந்த ஒரு மாதம் உள் அறைக்கு நாங்கள் குடிபோய்விடுவோம், பெண் கூடத்துக்கு வருவாள்.

போன மாதம் கோடை விடுமுறைக்கு என் அம்மா வீட்டுக்குப் போனோம். பன்னிரண்டு நாள். மொட்டை மாடிப் படுக்கை, மாமன் மகன்கள், காலை எட்டு மணி வரை தூக்கம். ‘பாவம், தூங்கட்டும் விடு’ என்றார் அம்மா. எனக்கும் அலுப்பு, விட்டுவிட்டேன். திரும்பி வந்த அன்று 9:40க்குப் படுக்க வைத்தால் பதினொன்றேகால். மறுநாள் ஒன்பதே காலுக்கு வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு கணம் கை துறுதுறுத்தது. பெண் பழைய நோட்டை எடுத்துக் கட்டம் போட்டாள். ஒரு வாரக் கணக்கில் சராசரி 11:05. காலை ஆறரைக்கு எழுப்பத் தொடங்கி, 11:35க்குப் படுக்க வைத்தோம்.

இன்றைக்கு ஒன்பதாம் நாள். நேற்று ஒன்பது நிமிடத்தில் தூங்கினான், முந்தாநாள் பதினாலு. பத்தேகாலுக்கு அவர் வந்துவிடுவார். இன்று 10:35.